எடுத்துக்கொடுத்தும் வராத நினைவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமை மறதி குறித்துச் சென்ற வாரம் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, கண்ணாடியை வைத்த இடம் மறப்பதையும் தெரிந்தவர் பெயர் சட்டென்று வராமல் போவதையும் அல்சைமர் நோயின் அறிகுறிகளோடு ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. அதைப் படித்துப் பயந்துபோன என் வயதுத் தோழிகள் இருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அந்த நோய் கண்ட என் தாயாரைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவள் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்ட ஒரு வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு 63 வயதாகிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில், என்னோடு பத்தாண்டுகள் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் பெயர் நினைவுக்கு வராமல் தவித்தேன்; அவர் எடுத்த பாடத்தை என் கணவர் சொன்னவுடன் பெயரும் வந்துவிட்டது. வயதாகும்போது, மூளையில் பதிந்திருப்பதைத் தேடி எடுக்க நேரமாகிறது, அவ்வளவுதான். அல்சைமர் நோயிலோ, பெரும்பாலும் முதலில் பழுதாவது புதிய நிகழ்ச்சிகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதையொட்டிய பகுதியுமே. பதியவே பதியாத ஒன்றை, எவ்வளவு எடுத்துக்கொடுத்தாலும் மீட்க முடிவதில்லை.

என் தாயார் 71 வயதில் உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். புதன்கிழமை, "வளைகாப்பு என்றைக்கு?" என்று கேட்டார். நீங்கள்தானே அம்மா முதல் வளையலைப் போட்டீர்கள், பாதியில் மழை வந்து பந்தல் ஒழுகியதே என்று ஒவ்வொன்றாக நினைவூட்டினேன். அவர் முகத்தில் ஒரு பொறியும் தட்டவில்லை. தன்னை யாரும் அழைக்கவே இல்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து அதே கேள்வியை, முன்பு கேட்டதன் சுவடே இல்லாமல், மீண்டும் கேட்டார்.

இருந்தும் நாங்கள் ஏமாந்தோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது ராமநாதபுரத்தில் தம் வீட்டுக்கு வந்து தங்கியவர்கள் யார் யார், அவர்களுக்கு எந்தப் பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சினார்கள் என்பதுவரை அவர் சொல்லுவார். அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவருக்கா நோய் என்று உறவினர் எல்லாரும் கேட்டார்கள். பழைய நினைவுகள் ஹிப்போகாம்பஸை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. அவை நெடுங்காலம் மூளையின் வெளியடுக்கான புறணியில் வேரூன்றியவை. ஆகவே பழைய கதையை வைத்து நேற்றைய நினைவை மதிப்பிட முடியாது என்பதை மருத்துவர் சொன்ன பிறகுதான் அறிந்தோம். வெளியூரிலிருந்த என் தம்பிக்கோ நோய் இருப்பதே தெரியவில்லை. "சாப்பிட்டியாப்பா, பிள்ளைகள் நல்லா இருக்காங்களா?" என்ற வாரம் ஒரு முறை பத்து நிமிடப் பேச்சுக்கு, அன்று காலை நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்தார்; தாயார் பிழையின்றிச் சொன்னார். வேறு பேச்சில் சில நிமிடங்கள் கழிந்தபின் கேட்டபோது ஒன்றும் வரவில்லை. "அதில் ஒன்று பூவின் பெயர்" என்று எடுத்துக்கொடுத்தும் மல்லிகை வரவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லிவிடவில்லை. மனச்சோர்வு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தூக்க மாத்திரை, காது மந்தம் ஆகியவையும் மறதிபோலத் தோன்றலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். பி12 குறைவாகவே இருந்தது. ஊசி போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று மகிழ்ந்தோம். அளவு தேறியது, மறதி தேறவில்லை. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், ஒரு குறை கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. சிலருக்கு இந்நோய் மறதியாக அல்லாமல், சொல் தட்டுப்பாடாகவோ பழகிய வழி தவறுவதாகவோ தொடங்குவதும் உண்டு என்றார் அவர்.

இது எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டபோது எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு மாதம் சொன்னோம். தாயார் எங்கள் தெருப் பெண்களுக்கு இருபது ஆண்டுகளாகச் சீட்டு நடத்தியவர்; கணக்கில் அடித்தல் திருத்தல் இல்லாத கை. வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டியபோது, ஒரே பெண்ணின் தவணை ஒரே மாதத்தில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்த பக்கம் அகப்பட்டது. அது வளைகாப்புக்குப் பதினாறு மாதங்களுக்கு முந்தையது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பணத்தைத் திருப்பி வாங்கிப் போனது, அதைப் பார்த்த பிறகே எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
ராமநாதபுரம்.