சேனல் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி போதும்

நம் கன்னியாகுமரி மாவட்டத் தேனீ வளர்ப்பு ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். அடுத்து வாட்ஸ்அப் சேனல் தொடங்கப் போவதாகப் போன வாரம் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை, தேன் விலை போட்டால் மட்டும் 'சூப்பர்' என்று நாலு பேர் வருகிறார்கள் என்பது உங்கள் வருத்தம். ஆனால் சேனலில் இதைவிட மோசமாக இருக்கும், அங்கே நீங்கள் பேசுவீர்கள், மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். பக்கத்து ஊர்க்காரனும் அதே சேனலில்தான் இருக்கிறான் என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆள் கூடலாம், பேச்சு கூடாது.

போன ஜனவரியில், ரப்பர் இலையுதிர்ந்து புதுத் தளிர் விட்டு, காம்பில் தேன் சுரக்கத் தொடங்கிய சமயம், அருமனை சுற்றுவட்டாரத்தில் பெட்டி வைத்திருக்கும் 23 பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். எல்லோரும் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்கள்தான், ஒரு கமெண்ட்கூட எழுதியதில்லை. முதல் ஞாயிறு 'தேனீ வளர்ப்பில் உங்கள் அனுபவம் என்ன?' என்று கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் யோசித்தேன், அந்தக் கேள்விக்கு யார்தான் என்ன எழுதுவார்கள்? அது மேடையில் கேட்கிற கேள்வி. அடுத்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு இப்படிக் கேட்டேன்: 'இன்றைக்குப் பெட்டி திறந்தவர்கள் சொல்லுங்கள், மேல் தட்டில் எத்தனை அடை மூடியிருக்கிறது? நம்பர் போதும்.' அதோடு மூன்று பேருக்குத் தனியாகப் போன் பண்ணி, 'ஏழு மணிக்குக் கேட்பேன், ஒரு நம்பர் போடுங்க' என்று சொல்லி வைத்தேன். இது ஏமாற்று வேலை இல்லை. காலிப் பந்தியில் முதல் ஆளாக உட்கார யாருக்கும் கூச்சம்தான். அன்றைக்கு ஏழு பேர் எழுதினார்கள். ஒருவருக்கு ஆறு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவருக்கு ஒன்று. ஏன் அப்படி என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் மறுபடி படுத்துவிட்டது. காரணம் எங்கள் குழுவின் ஆசான். முப்பது வருட அனுபவம், யார் என்ன கேட்டாலும் ரெண்டு நிமிடத்தில் முழுப் பதிலும் போட்டுவிடுவார். அதற்கு மேல் மற்றவர்கள் எதற்கு எழுத வேண்டும்? நேரில் போய், 'ஆசானே, ஞாயிற்றுக்கிழமை கேள்விக்கு மட்டும் நீங்க திங்கள் காலையில பதில் சொல்லுங்க' என்று கெஞ்சினேன். அவருக்கு வருத்தம்தான், ஆனால் ஒத்துக்கொண்டார். (உங்கள் பக்கத்திலும் இதேதான் நடக்கிறது, யாராவது சந்தேகம் கேட்டால் பத்து பேருக்குப் பதில் தெரியும், ஆனால் அட்மின் முந்திக்கொள்கிறார்.)

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, அதுவரை ஒரு எழுத்துகூடப் போடாத ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். 'டைப் அடிக்க வராது, தப்பா நினைக்காதீங்க' என்று தொடங்கி, புழு அறையிலேயே செத்துப் பை மாதிரி உப்பிக் கிடக்கிறது என்று சொல்லி, ஒரு போட்டோவும் போட்டார். 1990களின் தொடக்கத்தில் நம் கூடுகளை அழித்த வைரஸ் நோயோ என்று எல்லோருக்கும் பயம். மறுநாள் காலையில் பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் நேரில் போய்ப் பார்த்தார்கள், அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றக் கூடாது என்று ஆசானும் சொன்னார். குழு ஊர் அளவில் இருந்ததால்தான் இது நடந்தது. மாவட்டம் முழுக்க ஒரே குழு என்றால் யார் வண்டி எடுத்துப் போவார்கள்? அன்றிலிருந்து வாய்ஸும் பதில்தான் என்று குழு விவரத்தில் எழுதிவிட்டேன், இன்னும் நாலைந்து பேர் பேச வந்தார்கள்.

மழைக்காலத்தில் சத்தம் குறைந்தது. தேனே இல்லாதபோது அடை எண்ணிக்கை கேட்டால் யார் சொல்வது? கேள்வியைச் சீனிப்பாகு, எறும்பு, காலியான பெட்டி என்று மாற்றினேன். சில வாரம் மூன்றே பேர்தான் பதில் போட்டார்கள், விட்டுவிட்டேன். நாளும் நேரமும் மட்டும் மாறவில்லை. இப்போது கேள்வி கேட்கும் வேலை மாதம் ஒருவரிடம் போகிறது, நான் எழுதாத ஞாயிறும் ஓடுகிறது. நோட்டில் நான் எழுதி வைப்பது எத்தனை மெசேஜ் என்பதை அல்ல, அந்த வாரம் எத்தனை வேறு வேறு ஆள் பேசினார்கள், அட்மினுக்கு அல்லாமல் ஒருவருக்கொருவர் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைத்தான். குட்மார்னிங் படம் பெருகினால் மெசேஜ் எண்ணிக்கை கூடும், இந்தக் கணக்கு கூடாது.

அதனால் அண்ணன்மாரே, சேனலைத் தள்ளிப் போடுங்கள். பக்கம் இருக்கட்டும், புது ஆள் அது வழியாகத்தான் வருவார். வருகிறவரிடம் எந்த ஊர் என்று கேட்டு அந்த ஊர்க் குழுவுக்கு அனுப்புங்கள். எடுத்ததும் எட்டு குழு வேண்டாம், ஆள் பிரிந்து எல்லாமே காலியாகத் தெரியும். குலசேகரம் பக்கம் ஒன்று, மார்த்தாண்டம் பக்கம் ஒன்று, இருபது முப்பது பேர் போதும். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கு முன்னால் ஒவ்வொன்றிலும் மூன்று பேருக்குப் போன் பண்ணிவிடுங்கள். குலசேகரத்துக்கு நான் பண்ணுகிறேன், என் பெட்டியில் பாதி அங்கேதான் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அருமனைப் பக்கத்து 40 பெட்டிக்காரன்