பதிமூன்றாவது ரீசார்ஜ் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம், இந்தக் கடைக்காரர் மட்டும் பதிமூன்று தடவை காசு வாங்குகிறார்" என்று ஒரு பேச்சு தெருவில் சுற்றுகிறது. கூடவே "மார்ச்சில் இரண்டு தடவை போட்டுவிட்டார்" என்றும். அதைக் கேட்டு மனசு சங்கடப்பட்டது உண்மை. எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன், இது மட்டும் உறுத்துகிறது.

இதைச் சொன்ன அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, 28 நாள் பிளான் போட்டார். போட்ட நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அதனால் பிப்ரவரி 1 இரவோடு முடிந்தது. அடுத்தது பிப்ரவரி 2. பிப்ரவரிக்கே 28 நாள்தான் என்பதால் அதற்கடுத்தது மார்ச் 2, தேதி நகரவில்லை. மார்ச்சுக்கு 31 நாள். அதனால் மார்ச் 30-லேயே மறுபடி வந்து நின்றது. அந்த "இரண்டு தடவை" இதுதான். அப்புறம் ஏப்ரல் 27, மே 25 என்று முன்னால் நகர்ந்து நகர்ந்து டிசம்பர் 7-இல் பதிமூன்றாவது. அதுவும் முடிந்து அவர் திரும்ப வந்தது 2026 ஜனவரி 4. பதிமூன்று இருபத்தெட்டு 364 அல்லவா, ஒரு நாள்தான் குறைந்தது. 28 என்பது நாலு வாரம், ஆகவே தேதி எப்படி ஓடினாலும் கிழமை மாறாது. அந்த அக்காவுக்கு வருஷம் முழுக்க ஞாயிறுதான். நோட்டில் பாருங்கள், இருக்கும்.

28 நாள் என்று வைத்தது நானல்ல, கம்பெனிகள். மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவு போட்டுவிட்டது. 31-ஆம் தேதி போட்டவருக்கு, 31 இல்லாத மாதத்தில் கடைசித் தேதி. சம்பளத் தேதியை ஒட்டிப் போடுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். விலையையும் டேட்டாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் லாபம் என்று சொல்லமாட்டேன். "30 நாள்" பிளானை மாதக் கணக்கென்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு தடவை போட்டாலும் 360 நாள்தான், அதுவும் நகரும்.

என் தவறும் ஒன்று உண்டு. "ஒரு மாசம்" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிடுவேன். இனி ரசீதில் கடைசி நாளை எழுதித் தருகிறேன்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வேறு கடை தேடாமல் வந்தவர்களுக்கு, வீட்டில் எல்லோர் நம்பரையும் என்னிடமே விட்டிருப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போனில் சொல்லிக் கடனுக்குப் போடுவது பிப்ரவரி 1 முதல் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் நோட்டு கல்லாப்பெட்டி மேலேயே இருக்கிறது. உங்கள் நம்பரைச் சொன்னால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்