மகளுக்கு: அந்த ஒரு நிமிட அறிமுக உரையைப் பற்றி

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. ஜூலை 6 ஆம் தேதி காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வரவிருக்கும் கால்நடை மருத்துவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு வகுப்புத் தலைவி என்பதால் உன் மேல் விழுந்துவிட்டது என்றும், அதை நினைத்தாலே உனக்குத் தொண்டை வறண்டு போகிறது என்றும் எழுதியிருந்தாய். நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்க உரையையும் படித்தேன். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கவும் படித்துப் பார்த்தேன். நிதானமாகப் படிக்க நான்கரை நிமிடம் ஆகிறது. பதினைந்து நிமிடம் பேச வருபவருக்கு அவ்வளவு நீளமான முன்னுரை தேவையில்லை. உனக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் எதை வெட்டினேன் என்று சொல்கிறேன். உன் உரையின் முதல் அரைப்பக்கம் முழுவதும் விளிப்பாகவே இருக்கிறது: தலைமையாசிரியர் அவர்களே, உதவித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே என்று பட்டியல் நீள்கிறது. வரவேற்புரை ஆற்றும் மாணவி அவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றுவிடுவாள். அறிமுகம் செய்பவள் அதைத் திரும்பச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சலிப்பு ஏற்படும், அதோடு பதற்றத்தில் ஒருவரை விட்டுவிட்டால் அந்த வருத்தம் கூட்டம் முடிந்த பிறகும் நீடிக்கும். ஆகவே உனக்கு ஒரே ஒரு வணக்கம் போதும்.

இரண்டாவதாக, 'அறிமுகமே தேவையில்லாதவர்', 'பாரெங்கும் புகழ் மணக்கும்' ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டேன். அறிமுகம் தேவையில்லாதவரை நீ எதற்கு அறிமுகப்படுத்துகிறாய் என்று பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதைக் கேட்டால் உனக்கு அடுத்த வரி மறந்துவிடும். அந்த இடத்தில், உன் கடிதத்தின் ஓரத்தில் நீ சாதாரணமாகக் குறிப்பிட்டிருந்த செய்தியை வைத்திருக்கிறேன். விடுதி வாசலில் வளரும் நான்கு நாய்களுக்கும் சென்ற ஆண்டு தடுப்பூசி போட்டவர் அவர்தான் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். அந்த நாய்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 'சேவை மனப்பான்மை மிக்கவர்' என்று சொல்லும்போது நிமிராத தலைகள் இந்த வரிக்கு நிமிரும்.

மூன்றாவது வெட்டு உனக்கு வருத்தமாக இருக்கலாம். நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று நூலகத்தில் தேடி எழுதியிருக்கிறாய். செய்தி சரியானதுதான். ஆனால் அன்று அவர் சொல்ல வரும் முக்கியமான செய்தியே அதுவாகத்தான் இருக்கும். நீ முந்திக்கொண்டால் அவர், "இப்போது அந்த மாணவி சொன்னதைப் போல" என்று தொடங்க வேண்டியதாகிவிடும். கேள்வியை மட்டும் நீ எழுப்பு, பதிலை அவரிடம் விட்டுவிடு.

இனி உரை. ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சில் முடியும்படி எழுதியிருக்கிறேன். ஒரு வரி முடிந்ததும் வாயை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு, அதன் பிறகு அடுத்த வரிக்குப் போ.

"அனைவருக்கும் காலை வணக்கம்.
1885 ஆம் ஆண்டு, இதே ஜூலை 6 அன்று, பாரிஸ் நகரில்,
வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு
லூயி பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசி போடப்பட்டது.
அந்தச் சிறுவன் பிழைத்தான்.
விலங்குகளிடமிருந்து நமக்குப் பரவும் நோய்களைப் பற்றி
அறிந்துகொள்ளும் நாளாக இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.
நம் சிறப்பு விருந்தினர், நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில்
11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார்.
நம் விடுதி வாசலில் இருக்கும் நான்கு நாய்களுக்கும்
சென்ற ஆண்டு தடுப்பூசி போட்டவர் இவர்தான்.
நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
அதை அவரே நமக்குச் சொல்லப் போகிறார்.
கால்நடை உதவி மருத்துவர் ______ அவர்களை
உரையாற்ற வருமாறு அன்புடன் அழைக்கிறேன்."

அந்தச் சிறுவனின் பெயர் ஜோசப் மெய்ஸ்டர். நீ எழுதியிருந்தாய், நான் வேண்டுமென்றே நீக்கினேன். பழக்கமில்லாத பெயரில் நாக்கு ஒருமுறை தடுக்கினால், அதற்குப் பிறகு வரும் எளிய சொல்லும் தடுக்கும். அன்று நீ பிழையில்லாமல் சொல்ல வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில்தான் வருகிறது. கோடிட்ட இடத்தை நீயாக நிரப்பாதே. முதலெழுத்தை 'எஸ்' என்று சொல்வதா 'சு' என்று சொல்வதா, பெயரில் வருவது லகரமா ளகரமா, இப்போதைய பதவியின் சரியான பெயர் என்ன, இவை மூன்றையும் அவரை அழைத்த ஆசிரியர் மூலம் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள். நான் பள்ளியில் படித்தபோது ஒரு துணை வட்டாட்சியரை வட்டாட்சியர் என்று அழைத்து மேடையிலேயே பதவி உயர்வு கொடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார், ஆனால் உண்மையான வட்டாட்சியர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

உரையை நோட்டுத் தாளில் எழுதாதே. கை நடுங்கும்போது மெல்லிய தாள் சலசலக்கும், ஒலிவாங்கி அந்தச் சத்தத்தைக் கூட்டம் முழுவதற்கும் கேட்கச் செய்துவிடும். அதைக் கேட்டதும் நடுக்கம் இன்னும் கூடும். பழைய திருமண அழைப்பிதழின் எழுதாத பக்கம் இதற்கு மிகவும் ஏற்றது, இந்த உறையில் இரண்டு அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு, நான் மேலே பிரித்திருப்பது போலவே பிரித்து எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரே அட்டையில் அடங்காவிட்டால் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, மூலையில் 1, 2 என்று எண் போட்டுவிடு.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சொல் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தவிப்பார்கள். முதல் இரண்டு வரிகளும் கடைசி இரண்டு வரிகளும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் இருப்பதைப் பார்த்தே படிக்கலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. கண் இருட்டி நடுவரிகள் எதுவும் தெரியாமல் போனால், தயங்காமல் "கால்நடை உதவி மருத்துவர்" என்ற இடத்துக்குத் தாவிவிடு. வரிகள் விட்டுப்போனது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஒலிவாங்கியின் உயரத்தைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே உன் வாய்க்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்துக்கொள். எல்லோர் முன்னிலையிலும் அதைத் திருகிக்கொண்டு நிற்காதே. பெயரைச் சொல்லி முடித்ததும் உடனே ஓடிவிடாதே, அவர் எழுந்து நடக்கத் தொடங்கும் வரை அங்கேயே நின்று, பிறகு அவர் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகி வா. சென்ற ஆண்டு இருவரும் ஒரே பக்கம் நகர்ந்து முட்டிக்கொண்டதை நீதான் எனக்குச் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து பேசும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொள். நலம் விசாரிப்பதற்கு முன் ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டு, நான் இங்கே கடிகாரம் பார்க்கிறேன். அதற்குள் அந்த முதலெழுத்து எதுவென்று கேட்டு வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா