நீ வெட்டி எறிந்த கத்தரிக்கோல்

அன்புள்ள கலா,

கடிதமும் வீடியோவும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிறது. பெரியவள் வேலை மாறிவிட்டாள். சம்பளம் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள். உன் தம்பி கல்யாணம் முடிவானதைக் கேட்டு ரொம்ப சந்தோஷம். தேதி சொல், இப்போதே லீவு போட்டுவைக்கிறேன்.

சரி, அலமாரியை அடுக்குவதற்கு ‘முன்’, ‘பின்’ என்று நீ எடுத்த வீடியோ. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னாய், சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அலமாரி அழகாக இருக்கிறது, ஆனால் வீடியோவில் கதை இல்லை. அலங்கோலமான அலமாரி இரண்டே வினாடி வருகிறது. அப்புறம் நீ அங்கும் இங்கும் ஓடுவது முழுக்க டைம்லாப்ஸ். கடைசியில் ஒரு நிமிடம் பாட்டோடு டப்பாக்களைத் தடவித் தடவிக் காட்டுகிறாய். இதற்கு இரண்டு போட்டோ போதுமே! முன்பு ஏன் கலைந்து கிடந்தது, எந்தக் கட்டத்தில் சரியானது, இரண்டுமே பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

நல்லவேளையாக வெட்டாத கிளிப்புகளையும் அனுப்பியிருந்தாய். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். எடிட்டிங் மேசையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு மற்றவர்கள் வெட்டி எறிந்ததில்தான் கண் போகும். கதை அங்கேதான் இருக்கிறது, கலா.

முதல் கிளிப்பின் தொடக்கத்தில், புதிதாக வாங்கிய டப்பாக்களின் உறையைப் பிரிக்க நீ கத்தரிக்கோல் தேடுகிறாய். ஒரு கையால் வயர் சுருளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை மாத்திரைப் பைக்கும் பழைய ரசீதுக் கட்டுக்கும் நடுவே விட்டுத் துழாவுகிறாய். டார்ச் கீழே விழுகிறது. “இங்கேதானே வெச்சேன்” என்கிறாய். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேடிவிட்டு, கடைசியில் சாவியால் கிழிக்கிறாய். இதைத் தேவையில்லை என்று தூக்கிவிட்டாயே! உன் ‘முன்’ இதுதான். கலைந்த அலமாரியை வெறுமனே காட்டினால் பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தி அதற்குள் கத்தரிக்கோல் கிடைக்காமல் தவிப்பதைக் காட்டினால், அது கிடைக்கிறதா என்று பார்க்க உட்காருவார்கள். முதல் இருபது வினாடியை வெட்டாமல் அப்படியே விடு. பிறகு ஒரு தாவல், மூலையில் ‘இன்னும் தேடுகிறேன்’ என்று ஒரு வரி. அதற்குப் பின் சாவி.

அடுத்தது இன்னும் நல்ல இடம். எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரிக்கும்போது ஒரு கத்தரிக்கோல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது வரும்போது நீயே சிரித்துவிடுகிறாய், “கெடைக்கலன்னு கெடைக்கலன்னு வாங்கியிருக்கேன்” என்று. அலமாரி ஏன் நிரம்பியது என்பதற்கான காரணமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பொருள் கண்ணில் படவில்லை, மறுபடி வாங்கினாய், வாங்கியது இடத்தை அடைத்தது, மற்றதும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. வீடியோ திரும்புகிற புள்ளி அதுதான். ஆனால் நீ அதை டைம்லாப்ஸில் ஓட்டியதில் சிரிப்பும் கேட்கவில்லை, கத்தரிக்கோலும் தெரியவில்லை. வேகமாக ஓட்டினால் உழைப்பு தெரியும், யோசனை தெரியாது. கொட்டுவது, துடைப்பது, திரும்ப அடுக்குவது மூன்றையும் தாராளமாக ஓட்டு. ‘இது இருக்கட்டும், இது போகட்டும்’ என்று நீ முடிவெடுக்கும் இடங்களை மட்டும் இயல்பான வேகத்தில், குரலோடு விடு. தரையில் கால் வைக்க இடமில்லாமல் எல்லாம் பரந்து கிடக்கும் அந்த ஷாட்டையும் நாலைந்து வினாடி நிறுத்து. தொடக்கத்தைவிட நடுவில்தான் வீடு மோசமாகத் தெரியும். ‘ஐயோ, இதை எப்படி முடிப்பாள்’ என்ற பயம் வந்தால்தான் முடிவுக்கு மதிப்பு.

டப்பா விவகாரத்தையும் மறைக்காதே. பிரித்து எண்ணுவதற்கு முன்பே டப்பா வாங்கிவிட்டாய், அதனால் இரண்டு உள்ளே போகவில்லை. தட்டின் அகலத்தை அளந்திருக்கிறாய், சரிதான். ஆனால் கதவைத் திறந்தாலும் கீல் பக்கம் கொஞ்சம் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது. டப்பா நுழைய வேண்டிய வழி, தட்டைவிடக் குறுகல். நீ அதைத் தள்ளிப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, கடைசியில் விரலால் கீலைத் தொட்டு ‘ஓ’ என்கிறாய். டப்பா வாங்கப் போகிற எவருக்கும் உன் வீடியோவில் உருப்படியான தகவல் அதுதான்.

இப்போது முடிவு. ‘முன்’ ஷாட்டைக் காலை வெளிச்சத்தில் எடுத்திருக்கிறாய், ‘பின்’ ஷாட்டை ராத்திரி விளக்கில், அதுவும் அகன்ற லென்ஸை வைத்து. அலமாரியே பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ ஏமாற்று என்று தோன்றும். ‘பின்’னை மட்டும் மறுபடி எடு. அதே காலை நேரம், அதே லென்ஸ். ‘முன்’ கிளிப்பிலிருந்து ஒரு ஃபிரேமை போட்டோவாக எடுத்து வைத்துக்கொண்டு, அலமாரியின் மேல் விளிம்பும் தரைக்கோடும் அதே இடத்தில் வரும்வரை ட்ரைபாடை நகர்த்து. பொருந்தியதும் அதன் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடு.

இன்னொன்று. கேமரா தானாகவே வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். கருப்பு வயர்களும் சாமான்களும் நிரம்பிய அலமாரியைப் பார்த்தால் படத்தை வெளுப்பாக்கும், வெள்ளை டப்பாக்களைப் பார்த்தால் மங்கலாக்கும். அடுக்கி முடித்த அலமாரி அழுக்காகத் தெரிந்தால் பாவம்தானே! அதனால் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டு. பெரும்பாலான போன்களில் இந்த வசதி உண்டு. அழுத்தும் இடம் அலமாரிக்குள் வேண்டாம், பக்கத்துச் சுவரில் இருக்கட்டும். உள்ளே எல்லாம் மாறினாலும் சுவர் மாறாது. ‘முன்’னை நீ பூட்டி எடுக்கவில்லை, அதனால் இரண்டு ஷாட்டிலும் சுவரின் நிறம் ஒன்றாகத் தெரியும்படி எடிட்டிங்கில் நான் சரிசெய்கிறேன்.

அந்த ஷாட்டில் அலமாரியைச் சும்மா காட்டாதே. அதே கோணத்தில் நீ வந்து நில், கதவைத் திற, கத்தரிக்கோலை எடு, மூடு. நாலு வினாடி ஆகும். பாட்டு வேண்டாம், கதவுச் சத்தம் மட்டும் போதும். டப்பா டப்பாவாகக் காட்டும் அந்த ஒரு நிமிடத்தை அப்படியே தூக்கிவிடலாம். ஆசை என்றால் பத்து வினாடி வைத்துக்கொள், சண்டை போட மாட்டேன்.

உடைமாற்றம் ஒன்று கவனித்தேன். பிரிக்கும்போது நீலப் புடவை, அடுக்கும்போது சுடிதார். மறுநாள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் குழப்பமில்லை. ‘பின்’னுக்குச் சுடிதாரையே போட்டுக்கொள்.

புது ஷாட்டை எடுத்து அனுப்பு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வெட்டி ஒட்டித் தருகிறேன். மிஞ்சிய இரண்டு கத்தரிக்கோலை என்ன செய்தாய்? ஒன்று எனக்கு வேண்டும்.

அன்புடன்,
மீனா