சட்டைப் பை இருக்கும் பக்கம்

அன்புள்ள மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவின் எண்பதாவது பிறந்தநாள் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள், வராதவர்கள் பற்றியெல்லாம் உன் அம்மா சொல்லியிருப்பாள், அல்லது நீ தொலைபேசியை எடுக்கும்போது சொல்வாள். நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து நின்று அனுப்பிய படத்தைப் பற்றி மட்டும்தான்.

அந்தப் படம் உருவான கதையைத் தீபா என்னிடம் மறைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் வேட்டி சேலையில் ஒரே படத்தில் பார்க்க வேண்டும் என்று அப்பத்தா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தீபா வீட்டில் கூடிப் படம் எடுத்து முடித்த பிறகுதான், ஒருவர் உடம்பில்கூட வேட்டியோ சேலையோ இல்லை என்பது உறைத்திருக்கிறது. எல்லாம் கம்பளிச் சட்டையும் ஜீன்ஸுமாம். மறுபடி கூடுவதற்கு நாள் இல்லை. அதனால் முழுப் படத்தையும், நாம் எழுதிக் கொடுத்தபடி மாற்றித் தரும் செயலி ஒன்றில் கொடுத்து, எல்லோருக்கும் பட்டு உடுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பட்டு வந்துவிட்டது. ஆனால் நிலாவின் விழுந்த முன்பல் முளைத்துவிட்டது, அருணின் இரட்டைத் தாடை காணாமல் போய்விட்டது. துணியை மட்டும் மாற்று என்று சொன்னாலும், முழுப் படத்தையும் கொடுத்தால் அது முகத்தையும் சேர்த்துத் திரும்ப வரைந்துவிடுகிறது. தீபா அதை உடனே கண்டுகொண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்து, கழுத்துக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் விரலால் வளைத்துக் குறித்துக்கொண்டு, முகத்தைத் தொடவே விடாமல் விடியவிடிய வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் புத்தியை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமைதான். முப்பது வருடம் ஸ்டுடியோவில் படம் திருத்தியவனுடைய தம்பி மகள் அல்லவா?

பெருமைப்பட்ட கையோடு குற்றமும் பார்த்தேன். தொழில் புத்தி போகாது. தீபாவின் சேலைக் கொசுவத்தைப் பார். கொசுவம் வைத்த சேலையில் கரை ஒவ்வொரு மடிப்பிலும் முறிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிப்படியாகத் தெரியும். அவளுடைய கரையோ மடிப்பே இல்லாததுபோல ஒரே கோடாக ஓடுகிறது. படம் எடுத்தபோது அருண் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருப்பான் போலிருக்கிறது. வேட்டியில் பை ஏது? அவன் மணிக்கட்டு நேராகப் பட்டு வேட்டிக்குள் புதைந்துபோய் நிற்கிறது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, அவனுக்கு இடுப்பு வலியா என்று கேட்டார். கை நுழைகிற இடத்தையும் சேர்த்து வளைத்துக் குறித்திருந்தால், அந்தச் செயலிக்குக் கையையும் வெளியே எடுத்து வரைய இடம் கிடைத்திருக்கும். இதைத் தீபாவிடம் நீ சொல். நீ சொன்னால் அவளுக்கு வருத்தம் இருக்காது. பேசும் சாக்காகவும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. எனக்கு வந்தது நீளவாக்கில் 1600 புள்ளிதான். அதை 18 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு 300 இருந்தால் நல்லது. தூரத்தில் சுவரில் மாட்டுவதற்குப் போதும் என்று அப்படியே போட்டுவிட்டேன். அடுத்த முறை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல். முக்கியமாக, மாற்றுவதற்கு முன் எடுத்த மூலப் படத்தை யாரும் அழிக்க வேண்டாம்.

பெரிதாகப் போட்டதனால்தான் மற்றதையும் பார்க்க நேர்ந்தது. பின்வரிசையில் வலது ஓரத்தில் நீ நிற்கிறாய். படம் முழுவதிலும் சரியாக மடிந்த வேட்டி உன்னுடையது ஒன்றுதான். கரை மடிப்போடு மடிப்பாக முறிந்து இறங்குகிறது. புது வேட்டியைப் பிரித்துக் கட்டினால் தொடையில் தெரியுமே, கட்டம் கட்டமாக அந்த மடிப்புக் கோடு, அதுவும் இருக்கிறது. எந்தச் செயலியும் அந்தக் கோட்டை நினைத்துப் போட்டிருக்காது. அக்கா கல்யாணத்தன்று காலையில் அந்த வேட்டியைப் பிரித்து உனக்குக் கட்டிவிட்டது நான். பிறகு முகத்தைப் பார்த்தேன். மாடிப்படியில் விழுந்து உனக்குத் தழும்பு வந்தது இடது புருவத்தில். படத்தில் அது வலது புருவத்தில் இருக்கிறது. சட்டைப் பையும் வலது மார்பில் இருக்கிறது. கல்யாணப் படத்தில் உனக்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது, தீபா வீட்டு ஜன்னல் மறுபக்கம். உன்னைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி ஒட்டினால்தான் முகத்தின் நிழல் மற்றவர்களோடு ஒத்துப்போகும். நேர்த்தியான வேலை. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தீபாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. அப்பத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, இரவில் அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்துத் தலையையும் விரலால் தொட்டு இரண்டு முறை எண்ணினார். உன்னிடம் வந்ததும் விரல் நின்றது. “இந்த மூக்குக் கண்ணாடி போன வருஷமே உடைஞ்சுபோச்சுன்னு சொன்னானே” என்றார். எனக்குப் புருவமும் பையும் தேவைப்பட்டன, அவருக்கு நீ சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். “அவனை ஒண்ணும் கேக்காத. அவனே சொல்லுவான்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்.

ஆகவே கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. எட்டு மாதமாக நீ அனுப்புவது பணமும், “நலம்” என்ற ஒற்றைச் சொல்லும்தான். உன் அம்மா அந்தச் சொல்லை எத்தனை முறை எடுத்துப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். படித்த பிள்ளை, நாலு வரி எழுதத் தெரியாதவனா நீ? உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, இப்போது யாராவது விசாரித்தால் தீபாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக் கோபித்து எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய படம் உனக்கு நினைவிருக்கும். சித்தப்பாவின் சட்டைப் பை மட்டும் ஏன் வலது பக்கம் இருக்கிறது என்று எட்டு வயதில் நீ கேட்டாய். அந்தக் காலத்துத் தையல் அப்படி என்று சொன்னேன். அது பொய். அந்தப் படம் எடுத்த நாளில் சித்தப்பா வீட்டில் இல்லை. 1987இல் தாத்தாவோடு நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் போய்ச் சேர்ந்த இடம் யாருக்கும் தெரியாது. படத்தில் அவன் இல்லாததைப் பார்த்துப் பார்த்து அப்பத்தா அழுததால், ஸ்டுடியோவில் கிடந்த அவனுடைய நெகட்டிவை எடுத்தேன். அதிலும் வெளிச்சம் மறுபக்கம்தான். நெகட்டிவைப் பின்புறமாகத் திருப்பிப் போட்டு, தலை அளவு மற்றவர்களுக்குப் பொருந்தும்வரை ஏற்றி இறக்கி அச்சிட்டேன். உருவத்தைப் பிளேடால் வெட்டி, ஓரத்தின் பின்பக்கத்தை உப்புத்தாளால் இழைத்துக் காகிதத்தை மெலிதாக்கினேன். ஓரம் தடித்தால் அதன் நிழல் விழுந்து ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய பிறகு விளிம்பில் மெல்லிய தூரிகையால் மை தடவி, அதை மறுபடி படம் பிடித்து, புது நெகட்டிவிலிருந்து பெரிதாகப் போட்டேன். மூன்று இரவு வேலை. அதைவிட நல்ல ஒட்டுவேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

படத்தை மாட்டிய பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அதுதான் தவறாகப் போயிற்று. அடுத்த மாதம் சித்தப்பாவிடமிருந்து ஸ்டுடியோ விலாசத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு. பிறகு இன்னொன்று வந்தது. இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. தாத்தாவுக்குப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவன்தான் சுவரில் எங்களோடு நிற்கிறானே, இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு அட்டைகளையும் என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் தினமும் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வருடம் கழித்து, அவன் காய்ச்சலில் படுத்துக் கிடப்பதாக வேறொருவர் வந்து சொன்ன பிறகுதான் போய் அழைத்து வந்தேன். அட்டைகள் கிடைத்தனவா என்று அவன் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை. பிறந்தநாளன்று உங்கள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, உன் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் சாப்பிடப் போனான்.

தீபா எதற்காக உன்னை ஒட்டினாள் என்று எனக்குப் புரிகிறது. அவளைத் திட்டாதே. நீ அவர்கள் வீட்டுக்கு ஏன் போகவில்லை என்பது உனக்கும் அவர்களுக்கும் இடையில் இருக்கட்டும். போக முடியாதபடி உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் எனக்கு ஒரு வரி எழுது, அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

மூலப் படத்தை அழிக்க வேண்டாம் என்று தீபாவிடம் மறுபடியும் சொல். ஒன்பது பேரும் கம்பளிச் சட்டையில் நிற்கிற அந்தப் படம் எனக்கு வேண்டும். உன்னுடைய படம் ஒன்றும் தனியாக வேண்டும். வேட்டி கட்டத் தேவையில்லை, இப்போது போட்டிருக்கும் கண்ணாடியோடு, எந்தச் சட்டையிலாவது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடு.

உங்கள் பத்துப் பேர் படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறேன். பின்பலகைக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை.

அன்புடன்,
அப்பா