சுங்கை சிப்புட் தோட்ட இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கு: ஆட்டக் காணொலியில் பாட்டு சேர்ப்பது பற்றி

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, வணக்கம்.

பாலாய் ராயாவில் நடக்கும் மொபைல் லெஜென்ட்ஸ் போட்டியின் முக்கியக் கட்டங்களை மன்றத்தின் யூடியூப் பக்கத்தில் போட இருக்கிறீர்கள். கோவில் திருவிழா நேரலையும் அதே பக்கத்தில்தான் போகிறது. பாட்டின் உரிமையாளர் யாராவது புகார் கொடுத்தால் திருவிழாக் காணொலிகளும் சேர்ந்து பாதிக்கப்படலாம். அதனால்தான் போட்டிக்கு முன்பே எழுதுகிறோம்.

சிக்கல் காணொலியை வெட்டும்போது வருவதில்லை, பதிவு செய்யும்போதே வந்துவிடுகிறது. ஆட்டத்துக்கு இடையில் மண்டபத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும். கைப்பேசியின் திரைப்பதிவில் மைக் திறந்திருந்தால் அந்தப் பாட்டும் ஆட்டச் சத்தமும் ஒரே தடத்தில் கலந்துவிடும். பிறகு பாட்டை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். எனவே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பதிவைத் தொடங்கும் முன் சாதனத்தின் ஒலியை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மைக்கை மூடும் வழி தெரியும். வர்ணனை வேண்டுமென்றால் இன்னொரு கைப்பேசியில், ஒலிபெருக்கிக்குத் தூரமாக, தனியாகப் பதியுங்கள்.

விளையாட்டின் அமைப்புகளில் இசையையும் அணைத்துவிடுங்கள், ஆயுதச் சத்தமும் அறிவிப்புக் குரலும் மட்டும் இருக்கட்டும். இசை ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் எதை வெட்டினாலும் அந்த இடத்தில் இசை துள்ளும், எவ்வளவு பார்த்து வெட்டினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

இறுதி ஆட்டம் 14 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். லார்ட் என்ற அரக்கன் அருகே நடந்த சண்டை 12:04 முதல் 12:41 வரை, எதிரணித் தளம் விழுந்தது 13:05 முதல் 13:20 வரை. நடுவில் உள்ள 24 விநாடி வெறும் நடை, அதை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 52 விநாடி. முடிவுப் பலகைக்கு 5 விநாடி சேர்த்தால் 57. முதலில் கைப்பேசியின் கேலரியிலேயே 12 முதல் 13:30 வரை தறித்துத் தனிக்கோப்பாக்குங்கள், பிறகு கேப்கட் என்ற தொகுப்புச் செயலியில் திறவுங்கள். திரைப்பதிவின் பட வேகம் ஏறி இறங்குவதால், முழு ஆட்டத்தையும் அப்படியே ஏற்றினால் கடைசிப் பகுதியில் குரல் படத்தை விட்டு விலகக்கூடும்.

யூடியூப் ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொலியின் செங்குத்துச் சட்டத்துக்கு 2400-க்கு 1080 அளவிலான பதிவை முழு உயரத்துக்கும் பெரிதாக்கினால் அகலத்தில் கால்வாசிதான் தெரியும், சண்டையில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பாதி அகலம் தெரியுமளவு பெரிதாக்கி நடுவில் வைத்து, மேலே அணிகளின் பெயரை எழுதினால் போதும்.

57 விநாடி என்று கணக்குப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஷார்ட்ஸ் இப்போது 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும், ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி மூலம் உரிமைக் கோரல் விழுந்தால் அது உலகம் முழுக்கத் தடைபடும். குறுகியதற்கும் முழுப் பாதுகாப்பு இல்லை, உரிமையாளர் தடுக்கச் சொன்னால் தடைதான். கோரல் என்பது அந்த ஒரு காணொலியை மட்டும் பாதிக்கும். பதிப்புரிமை எச்சரிக்கை அப்படியல்ல, உரிமையாளர் நீக்கச் சொல்லி முறையாகக் கேட்டால் வருவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் பக்கமே போய்விடும்.

"பத்து விநாடி போட்டால் பிரச்சினை இல்லை" என்று நம் பையன்கள் உறுதியாகச் சொல்வார்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி எந்த விநாடிக் கணக்கும் இல்லை. "உரிமை மீறும் எண்ணமில்லை" என்று குறிப்பில் எழுதுவதும், பாட்டின் சுருதியை ஏற்றுவதும் உதவா. கேப்கட்டில் கிடைக்கும் பிரபலப் பாடல்களையும் நம்ப வேண்டாம், யூடியூபில் அவற்றுக்கும் கோரல் வரலாம்.

கைப்பேசி உலாவியில் கணினிப் பார்வையை இயக்கி studio.youtube.com திறந்து, ஒலி நூலகத்தில் `Attribution not required` என்ற வடிகட்டியைப் போட்டு இசை எடுங்கள். யூடியூப் செயலிக்குள் ஷார்ட்ஸில் சேர்க்கும் பாட்டுக்கு அனுமதி யூடியூபுக்கு மட்டும்தான். அதைத் தரவிறக்கி டிக்டாக்கில் போட்டால் அந்த அனுமதி அங்கே செல்லாது. போட்டிக்கு விளம்பரதாரர் இருந்தால், டிக்டாக்கில் வணிக இசை நூலகத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இசையின் பெயரையும் எடுத்த தேதியையும் காணொலிக் கோப்போடு சேர்த்து வையுங்கள். தவறான கோரல் வந்தால் மறுப்பு அனுப்ப அது வேண்டும். உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் கோரல் தானாக நீங்கிவிடும்.

இப்படிக்கு,
காணொலித் தொகுப்புக் குழுவினர்