213-ஆம் பிரிவையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

நெப்போலியன் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, 1799 நவம்பரில் 30 வயதுத் தளபதி ஆட்சியைப் பிடித்ததை வீரச்செயலாகவே வருணித்திருந்தது. உண்மையில், பாரிஸ் அருகே சான்-குளூவில் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையான ஐந்நூற்றுவர் அவை அவரைக் கூச்சலிட்டு வெளியேற்றியது. அவைத்தலைவராக இருந்த தம்பி லூசியன்தான் வீரர்களைத் தூண்டி மண்டபத்தைக் காலிசெய்ய வைத்தார். நெப்போலியனின் 1804-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தைப் புகழ்ந்ததிலும் இதே அரைகுறை. பிறப்புவழிச் சலுகைகளுக்கு இடமளிக்காமல், அவருடைய படைகள் வென்ற நாடுகளிலும் வேரூன்றிய அச்சட்டத்தின் 213-ஆம் பிரிவு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது.

வகுப்பில் இப்பிரிவை வாசித்துக்காட்டியபோது, போர்களின் பட்டியலுக்கு அசையாத மாணவியர் கேள்விகளால் துளைத்தெடுத்தனர். அடுத்த கட்டுரையில் சில சட்டப் பிரிவுகளையேனும் தமிழில் வெளியிடலாம்.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்